தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்: இலகுவான கேம்களுக்கும் போட்டோ எடிட்டிங்குக்கும் எது போதும்?

மாலையில் ஒரு மணி நேரம் கேம் விளையாட வேண்டும். கேமராவில் எடுத்த படங்களைத் திருத்த வேண்டும். லேப்டாப் தேடுகிறவர்களில் பலரின் தேவை இவ்வளவுதான். ஆனால் கடைசி நேரத்தில் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதுமா, தனி கார்டு உள்ளதை வாங்க வேண்டுமா?

இதற்கு ஒரே பதில் சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே பிராசஸர் கொண்ட இரண்டு லேப்டாப்களை அருகருகே வைத்து ஒரே கேமை ஓட்டினால், ஒன்றில் சரளமாக ஓடும், மற்றொன்றில் திணறும். சிப்பில் குறை இருக்காது. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்குச் சொந்தமாக நினைவகம் கிடையாது. லேப்டாப்பின் ரேமைத்தான் அது பங்கு போட்டுக்கொள்கிறது. அந்த ரேம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது சிப்பின் பெயரைவிட அதிகம் தீர்மானிக்கிறது.

ஆகவே இங்கே சிப்களின் பெயர்ப் பட்டியலை ஒப்பிடவில்லை. கடையில் உண்மையில் எதிர்ப்படும் மூன்று வகை லேப்டாப்களை ஒப்பிடுகிறோம். முதலாவது, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக உள்ள அடிப்படை லேப்டாப். இரண்டாவது, 16 ஜிபி ரேம் இரட்டை சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் இயங்க, ஓரளவு வலுவான ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் கொண்ட லேப்டாப். மூன்றாவது, ஆர்டிஎக்ஸ் 3050 அல்லது 4050 போன்ற தொடக்கநிலைத் தனி கார்டு உள்ள லேப்டாப்.

## எதை வைத்து எடை போடுவது

ரேமின் பாதை. கிராஃபிக்ஸ் சிப் ஒவ்வொரு பிரேமை வரையும்போதும் ரேமிலிருந்து தரவை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நொடிக்கு எவ்வளவு இழுக்க முடியும் என்பதே பேண்ட்வித். டிடிஆர்4-3200 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி கிடைக்கும். அதே ரேம் இரண்டு ஸ்டிக்காக, இரட்டை சேனலில் இருந்தால் 51.2 ஜிபி. டிடிஆர்5-5600 ஆனால் ஒற்றையில் 44.8, இரட்டையில் 89.6. மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வரும் எல்பிடிடிஆர்5எக்ஸ்-7500, 128 பிட் அகலத்தில் 120 ஜிபி தரும். ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் கார்டின் சொந்த நினைவகம் சுமார் 192 ஜிபி தருகிறது. அதுவும் முழுக்க கிராஃபிக்ஸுக்கு மட்டும். ஒருங்கிணைந்த சிப்போ தனக்குக் கிடைப்பதை பிராசஸரோடு பகிர வேண்டும்.

ரேமின் அளவு. விண்டோஸில் கிராஃபிக்ஸ் சிப் இயல்பான அமைப்பில் மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம். 16 ஜிபி இருந்தால் 8 ஜிபி வரை. 8 ஜிபி மட்டுமே இருந்தால் கணக்கில் 4 ஜிபி, ஆனால் விண்டோஸும் பிரவுசரும் ஏற்கெனவே நிரப்பிவிட்ட பிறகு அந்த 4 ஜிபி மிஞ்சாது.

வாட். பிராசஸருக்கும் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்கும் மின்சாரம் ஒரே ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. 15 வாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட மெல்லிய லேப்டாப்பில் ஒன்று கூடுதலாக எடுத்தால் மற்றதற்குக் குறையும். அதே சிப்பை 28 வாட்டுக்கு மேல் தொடர்ந்து ஓட விடும் லேப்டாப்பில் கேம் நிலையாக ஓடும்.

திரை. இது கிராஃபிக்ஸ் விஷயமே அல்ல என்று தோன்றலாம். போட்டோ எடிட்டிங்குக்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விவரக்குறிப்பில் என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45% என்று போட்டிருந்தால், அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறத் தொகுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே காட்டும். சிவப்பு வெளிறித் தெரிவதால் நீங்கள் நிறத்தைக் கூட்டுவீர்கள். அதே படம் போனில் கண்ணைப் பறிக்கும். 100% எஸ்ஆர்ஜிபி, அல்லது 72% என்டிஎஸ்சி என்று இருந்தால் நம்பி வேலை செய்யலாம்.

## முதல் வகை: 8 ஜிபி, ஒற்றை ஸ்டிக்

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இன்டெல் 11 முதல் 13ஆம் தலைமுறை வரையிலான பல பிராசஸர்களில் ஐரிஸ் எக்ஸ்இ என்ற கிராஃபிக்ஸ் இருக்கும். ஆனால் ரேம் இரட்டை சேனலில் இருந்தால்தான் விண்டோஸ் அதை `Intel Iris Xe Graphics` என்று காட்டும். ஒற்றை ஸ்டிக்கில் அதே சிப் `Intel UHD Graphics` என்று தெரியும். பெட்டியில் ஐரிஸ் என்று ஒட்டியிருந்தும் `Task Manager`-இல் யுஎச்டி என்று வந்தால், உங்கள் ரேம் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று பொருள். கோர் அல்ட்ரா எச் வரிசையில் ஆர்க் என்ற பெயருக்கும் இதே நிபந்தனைதான், கூடவே 16 ஜிபியும் வேண்டும்.

ஏஎம்டியில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ரைசன் 7000 வரிசையில் எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் உள்ளே இருப்பது முற்றிலும் வேறு. `7520U` என்பதில் ரேடியான் 610எம், வெறும் 2 கணிப்பு அலகுகள். `7535U` என்பதில் 660எம், 6 அலகுகள். `7840U` என்பதில் 780எம், 12 அலகுகள். மூன்றும் ரைசன் 7000 என்றே விற்கப்படும். முதலாவதை வாங்கிவிட்டு எத்தனை ரேம் சேர்த்தாலும் கேமுக்குப் பெரிய பயன் இராது, ஏனென்றால் அங்கே தடை சிப்பேதான்.

இந்த முதல் வகையில் என்னென்ன ஓடும்? ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட், அமாங் அஸ் போன்ற இருபரிமாண விளையாட்டுகள் எல்லாம் தாராளமாக ஓடும். வாலரண்ட், லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் போன்றவை குறைந்த அமைப்பில் ஓடும், ஆனால் எதிரிகள் கூட்டமாக வரும் கணத்தில் தடுமாறும். சராசரி பிரேம் எண்ணிக்கை நன்றாக இருந்தும் கை சொல்வதற்கும் திரை காட்டுவதற்கும் நடுவே திடீர் இடைவெளி விழும். ரேம் நிரம்பி, விண்டோஸ் எஸ்எஸ்டியைத் துணைக்கு அழைப்பதால்தான் பெரும்பாலும் இப்படி நடக்கிறது.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் நிறையப் பேர் தவறான திருகைத் திருப்புகிறார்கள். திணறுகிறது என்றதும் ஜாவாவுக்கு 6 ஜிபி ஒதுக்கிவிடுகிறார்கள். 8 ஜிபி லேப்டாப்பில் அது கிராஃபிக்ஸின் பங்கையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும். கேம் முன்பைவிட மோசமாகும். மோட் இல்லாத உலகத்துக்கு `-Xmx3G` போதும். குறைக்க வேண்டியது பார்வைத் தூரத்தை. தூரம் 16 என்றால் உங்களைச் சுற்றி 33 × 33, அதாவது 1,089 சங்க்குகள் ஏற்றப்படும். 8 என்று வைத்தால் 17 × 17, வெறும் 289. பாதியாகக் குறைத்தால் வேலை நான்கில் ஒன்றுக்கு அருகே இறங்குகிறது. கூடவே சோடியம் மோட் போட்டால் சாதாரண யுஎச்டி கிராஃபிக்ஸிலும் நிம்மதியாக விளையாடலாம். ஷேடர்களை மட்டும் நினைக்க வேண்டாம்.

போட்டோ பக்கம், ஜேபெக் படங்களை வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, எழுத்து சேர்ப்பதற்கு இது போதும். கேமரா பதிவு செய்த மூலத் தரவான ரா கோப்புகளில் இறங்கினால் சுவர் முட்டும். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000 × 4000, அதாவது 2.4 கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள், 16 பிட்டில் நிறத்துக்கு 2 பைட். ஒரு முழு லேயர் 144 எம்பி. ஆறு லேயர்கள் வைத்தால் 860 எம்பியைத் தாண்டும். அதற்குமேல் ஹிஸ்டரி வேறு. போட்டோஷாப் தனக்குக் கிடைக்கும் ரேமில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்படிதான் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. பிரவுசரும் திறந்திருந்தால் பிரஷ் கையைவிட்டு அரை நொடி பின்னால் வரத் தொடங்கும்.

மறைந்திருக்கும் செலவு இதுதான்: இப்படிப்பட்ட லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருந்தால் பின்னால் காப்பாற்றிவிடலாம், இல்லையென்றால் முடியாது. வாங்கும் முன்பே பவர்ஷெல்லில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select-Object DeviceLocator, Capacity, Speed
```

ஒரே வரி வந்தால் ஒரே ஸ்டிக். `Task Manager`-இல் `Performance`, பிறகு `Memory` போனால் `Slots used: 1 of 2` என்று தெரியும். சால்டர் செய்த ரேம் உள்ள மாடல்களில் இந்த எண்ணிக்கை குழப்பும், சில்லு வரிசைகளை எல்லாம் ஸ்லாட்டாக எண்ணும். அப்போது மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்ப்பதே நம்பகமானது. இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே டிடிஆர்5 ஸ்டிக்கே உள்ளுக்குள் 32 பிட் பாதைகள் இரண்டாகப் பிரிந்திருக்கும். சில மென்பொருள்கள் அதைப் பார்த்து இரட்டை என்று காட்டிவிடும். ஸ்டிக் ஒன்றுதான் என்றால் அகலம் 64 பிட்தான், பேண்ட்வித் பாதிதான்.

## இரண்டாவது வகை: 16 ஜிபி, இரட்டை சேனல்

முதல் வகையிலிருந்து இங்கே வருவதற்குச் சில சமயம் ஒரு ஸ்டிக் போதும். ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம்: கோர் ஐ5-1235யூ, 8 ஜிபி டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக், 1920 × 1080 திரை, ஒரு ஸ்லாட் காலி.

முதலில் ஒரு கேமை 15 நிமிடம் ஓட்டி, கேமின் உள்ளமைந்த பிரேம் எண்ணியில் குறைந்தபட்சத்தையும் சராசரியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பயாஸில் பேட்டரியைத் துண்டிக்கும் வசதி இருந்தால் அதையும் செய்து, பின் மூடியைத் திறக்க வேண்டும். புதிய ஸ்டிக் அதே டிடிஆர்4 எஸ்ஓ-டிம் வகையாக, 3200 வேகத்தில், 8 ஜிபியாக இருக்கட்டும். சாய்வாகச் செருகி, பிறகு அழுத்தினால் இருபுறமும் கிளிப் மாட்டும் சத்தம் கேட்கும். முதல் முறை ஆன் செய்யும்போது திரை ஒரு நிமிடம் வரை கறுப்பாகவே இருக்கலாம். ரேமை அளந்து பழகிக்கொள்கிறது, பதறி அணைக்க வேண்டாம்.

விண்டோஸ் வந்ததும் `Task Manager`-இல் பெயர் யுஎச்டியிலிருந்து ஐரிஸ் எக்ஸ்இ ஆக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் ஸ்டிக் சரியாக அமரவில்லை, அல்லது டிரைவர் பழையது. வேகம் `3200` என்று காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டில் ஒன்று 2666 ஸ்டிக்காக இருந்தால் இரண்டுமே அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். எல்லாம் சரியாக இருந்தால், கிராஃபிக்ஸ் தடையாக இருந்த கேம்களில் பிரேம்கள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடுவது வழக்கம். அதைவிட முக்கியமாக, குறைந்தபட்ச எண் உயரும். கை உணர்வது அதைத்தான்.

இந்த நிலையில் வாலரண்ட், டோட்டா 2, ராக்கெட் லீக் ஆகியவை 1080பி-இல் குறைந்த அல்லது நடுத்தர அமைப்பில் 60 பிரேம்களைத் தாண்டும். ஜிடிஏ 5-க்கு ஐரிஸ் எக்ஸ்இ-யில் 1600 × 900 பொருத்தமான இடம். ரேடியான் 680எம், 780எம், இன்டெல் ஆர்க் 140வி போன்ற வலுவான சிப்களில் அதையே 1080பி-இல் நடுத்தர அமைப்புகளோடு ஓட்டலாம். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டுகள் 780எம்-இல் குறைந்த அமைப்பில், சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் உதவியோடு 30 பிரேம்களுக்கு மேல் தரும். அதைத் தாண்டி எதிர்பார்க்கக் கூடாது. கதிர்த்தடம், அதாவது ரே டிரேசிங் வன்பொருள் இல்லாமல் தொடங்கவே தொடங்காத கேம்களும் இப்போது வருகின்றன. ஐரிஸ் எக்ஸ்இ-யில் அந்த வன்பொருள் இல்லை, அதனால் அமைப்பை எவ்வளவு குறைத்தும் பயனில்லை.

சரியான தெளிவுத்திறனைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வகையில் பாதி வெற்றி. 1080பி என்பது 20.7 லட்சம் புள்ளிகள். 1600 × 900 என்பது 14.4 லட்சம். 720பி வெறும் 9.2 லட்சம். இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் 2560 × 1600 திரை இருக்கிறது, அது 41 லட்சம் புள்ளிகள். கேம் தானாக அந்தத் தெளிவுத்திறனைப் பிடித்துக்கொண்டு 20 பிரேமில் நகரும்போது, சிப் பலவீனமானது என்று நினைத்துவிடுகிறோம். அங்கே 1280 × 800 வைத்துப் பாருங்கள். நீளத்திலும் அகலத்திலும் சரிபாதி என்பதால் புள்ளிகள் நான்குக்கு ஒன்றாகச் சரியாக உட்காரும், வேலையும் கால் பங்காகும்.

இன்னொரு சிறு அமைப்பு: பிரேம் எண்ணிக்கைக்கு 60 என்று உச்சவரம்பு வையுங்கள். கட்டுப்பாடு இல்லாவிட்டால் எளிய காட்சிகளில் 140 பிரேம் வரைந்து, வாட் முழுவதையும் செலவழித்து, சிப் சூடாகிவிடும். கடினமான காட்சி வரும்போது கையிருப்பு இருக்காது. உச்சவரம்பு வைத்தால் அந்த வெப்பம் சேராது, சண்டைக் காட்சியிலும் 60 நிற்கும்.

ரா எடிட்டிங்குக்கு இது முழுமையாகப் போதுமான வகை, ஒரே ஒரு வேலையைத் தவிர. லைட்ரூமில் வெளிச்சம், நிறம், வளைவு, மாஸ்க் எல்லாம் ஸ்லைடரை இழுத்ததும் நகரும். ஜிம்ப், ராதெரபீ ஆகியவை பெரும்பாலும் பிராசஸரையே நம்புவதால் அங்கே தனி கார்டு இருந்தும் பெரிய வித்தியாசம் தெரியாது. டார்க்டேபிள் ஓபன்சிஎல் வழியாக ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸைப் பயன்படுத்தும். அது உங்கள் சிப்பை ஏற்றுக்கொண்டதா என்று தெரிய `darktable-cltest` என்ற கட்டளையை ஓட்டினால் போதும்.

லைட்ரூம் கிளாசிக்கில் ஸ்லைடர் பின்தங்கினால் அதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. படங்களுக்கு ஸ்மார்ட் பிரிவ்யூ உருவாக்கி, `Preferences`, `Performance` பக்கத்தில் `Use Smart Previews instead of Originals for image editing` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்மார்ட் பிரிவ்யூவின் நீண்ட பக்கம் 2500 புள்ளிகளுக்குச் சற்று மேல். 24 மெகாபிக்சலுக்குப் பதில் சுமார் 4.3 மெகாபிக்சலை மட்டும் சிப் கையாளும். எக்ஸ்போர்ட் ஆகும்போது முழுப்படமே வெளியேறும், தரம் குறையாது. ஆனால் கூர்மையையும் இரைச்சலையும் இந்த நிலையில் முடிவு செய்யக் கூடாது. நீங்கள் பார்ப்பது சுருக்கிய பிரதி என்பதால், தேவைக்கு மேல் ஷார்ப் செய்துவிடுவீர்கள். கடைசியில் அதை அணைத்துவிட்டு, மூலப் படத்தை முழு அளவில் பார்த்துச் செய்யுங்கள்.

அந்த ஒரே ஒரு வேலை, லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த, படத்தின் இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ். இது முழுக்க கிராஃபிக்ஸ் சிப்பையே நம்புகிறது, அடோபி இதற்கு 8 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகத்தைப் பரிந்துரைக்கிறது. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸிலும் ஓடும், ஆனால் ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கில் ஆகும். முதலில் ஒரே ஒரு படத்தில் ஓட்டி, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் படங்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். ஒரு படத்துக்கு 4 நிமிடம், ஒரு விழாவில் எடுத்தவை 200 படங்கள் என்றால் 800 நிமிடம். 13 மணி நேரத்துக்கு மேல். ஆனால் 200-இலும் இருட்டில், உயர் ஐஎஸ்ஓவில் எடுத்து, கொடுக்கத் தேர்ந்தெடுத்தவை 15 மட்டும் என்றால் ஒரு மணி நேரம். சாப்பிடும் நேரத்தில் ஓடவிட்டு முடித்துவிடலாம். மூன்றாவது வகைக்குப் போக வேண்டுமா என்பதைப் பலருக்கு இந்த ஒரு பெருக்கலே தீர்த்துவிடும்.

இந்த வகையின் மறைந்த செலவு, ரேம். மெல்லிய மாடல்களில் அது சால்டர் செய்யப்பட்டிருக்கும். வேகம் அதிகம், ஆனால் இன்று 16 ஜிபி எடுத்தால் கடைசிவரை 16தான். அதில் கிராஃபிக்ஸுக்கும் பங்கு போகும் என்பதை நினைவில் வைத்து, போட்டோஷாப்பில் பனோரமா இணைப்பு, பல லேயர்கள் என்று போகிறவர் 32 ஜிபியையே எடுக்க வேண்டும். வேகமான சிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையை அதற்குக் கொடுப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

## மூன்றாவது வகை: தொடக்கநிலைத் தனி கார்டு

இங்கே கிடைப்பது தெளிவானது. பெரிய முப்பரிமாண கேம்கள் 1080பி-இல் நடுத்தர, சில சமயம் உயர் அமைப்பில் 60 பிரேமுக்கு மேல் ஓடும். எஃப்எஸ்ஆர் போலவே பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் கிடைக்கும். ஏஐ டீநாய்ஸ் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்கும். வாரந்தோறும் நூற்றுக்கணக்கான இருட்டுப் படங்களைத் திருத்துகிறவருக்கு இதுவே சரியான வழி.

ஆனால் கொடுக்கும் விலை விற்பனைச் சீட்டில் மட்டும் இல்லை. பல ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப்களில் சொந்த நினைவகம் 4 ஜிபிதான். புதிய கேமில் டெக்ஸ்ச்சரை உயர்த்தினால் அது நிரம்பி, மீதி ரேமுக்கு வழிந்து, பிரேம்கள் சட்டென விழும். 4050-இல் 6 ஜிபி இருப்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரே பெயர் கொண்ட கார்டுக்கும் வாட் வேறுபடும். 4050 லேப்டாப் கார்டை 35 முதல் 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தயாரிப்பாளர் விற்கலாம். விவரக்குறிப்பில் அந்த எண்ணைத் தேடாமல் வாங்கக் கூடாது.

இந்த விலைத் தட்டில் செலவைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கை வைப்பது திரையிலும் ரேமிலும்தான். 45% என்டிஎஸ்சி திரை, ஒற்றை 8 ஜிபி ஸ்டிக், அதன்மேல் ஒரு தனி கார்டு. போட்டோவுக்கென்று இதை வாங்கினால், வேகமாகத் தவறான நிறத்தைச் செய்வீர்கள். வெளி மானிட்டர் ஒன்றை இணைக்கத் திட்டமிருந்தால் மட்டும் இந்தக் குறையைப் பொறுக்கலாம்.

எடையும் சார்ஜரும் தினமும் தெரியும். பேட்டரியில் ஓடும்போது தனி கார்டின் வேகம் பெருமளவு விழும். அதனால் வெளியிடத்தில் விளையாடுவதற்கு இதை எடுப்பது அநேகமாகப் பயன் தராது. விளையாடாத நேரத்தில் தனி கார்டு தூங்க வேண்டும். ஏதாவது ஒரு செயலி அதை விழிக்க வைத்துக்கொண்டே இருந்தால் பேட்டரி வேகமாகக் கரையும். அதற்கு நேர்எதிரான கோளாறும் நடக்கும், கேம் தவறுதலாக ஒருங்கிணைந்த சிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒரே இடத்தில்: `Settings`, `System`, `Display`, `Graphics` போய், கேமுக்கும் லைட்ரூமுக்கும் `High performance`, மற்றவற்றுக்கு `Power saving` என்று ஒவ்வொன்றாக அமைத்துவிடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | 8 ஜிபி ஒற்றை ஸ்டிக் | 16 ஜிபி இரட்டை சேனல் | தொடக்கநிலைத் தனி கார்டு |
|---|---|---|---|
| இருபரிமாண விளையாட்டு | தாராளம் | தாராளம் | தாராளம் |
| வாலரண்ட், டோட்டா 2 | குறைந்த அமைப்பு, தடுமாற்றம் உண்டு | 1080பி, 60-க்கு மேல் | 60-ஐ வெகுவாகத் தாண்டும் |
| பெரிய முப்பரிமாண விளையாட்டு | வேண்டாம் | குறைந்த அமைப்பு, வலுவான சிப்பில் 30-க்கு மேல் | 1080பி நடுத்தரம் |
| 24 மெகாபிக்சல் ரா | அவசரத்துக்கு | நன்றாக | நன்றாக |
| ஏஐ டீநாய்ஸ் | தவிர்க்கவும் | சில படங்களுக்கு | தொகுதி தொகுதியாக |
| கவனிக்க வேண்டிய மறைசெலவு | காலி ஸ்லாட் இருக்கிறதா | ரேம் கூட்ட முடியுமா | திரை, வாட், எடை |

ஆப்பிள் எம் வரிசை மேக்புக்கையும் இரண்டாவது வகையில்தான் வைக்க வேண்டும். அதுவும் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸே. எம்1-இல் நொடிக்கு சுமார் 68 ஜிபி, எம்2, எம்3-இல் 100, எம்4-இல் 120 என்று பேண்ட்வித் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. திரையும் நம்பத்தக்கது. ரா எடிட்டிங் மட்டுமே முதன்மை என்றால் இதைத் தயங்காமல் எடுக்கலாம். கேமும் முக்கியம் என்றால் முதலில் உங்கள் கேமின் பெயரைத் தேடிப் பாருங்கள். வாலரண்ட் மேக்கில் கிடையாது, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-உம் மேக்கை விட்டுவிட்டது.

## எது யாருக்கு

ஏற்கெனவே 8 ஜிபி லேப்டாப் இருக்கிறது, ஒரு ஸ்லாட் காலி, சிப் 610எம் போன்ற சிறியதல்ல என்றால், புதிது வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்து ஒரு ஸ்டிக்கைச் சேர்த்துப் பாருங்கள். புதிதாக வாங்குகிறவருக்கு, வாரத்தில் சில மணி நேரம் விளையாட்டும் மாதம் சில நூறு படங்களும் என்றால் இரண்டாவது வகையே பொருந்தும்; மிச்சமாகும் தொகையை 100% எஸ்ஆர்ஜிபி திரைக்கும் 32 ஜிபிக்கும் கொடுங்கள். புதிய பெரிய கேம்களை வெளியான வாரத்திலேயே விளையாட வேண்டும், அல்லது டீநாய்ஸ் பெருக்கலில் இரவுகள் போகின்றன என்றால் மூன்றாவது வகைக்குப் போங்கள். அதற்குக் குறைவான காரணத்துக்குப் போக வேண்டாம்.

எந்த வகையை எடுத்தாலும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சார்ஜரில் இணைத்து, நீங்கள் உண்மையில் விளையாடும் கேமை 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். பின்னணியில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து `CPU Package Power` எண்ணைக் கவனியுங்கள். முதல் ஓரிரு நிமிடம் உயரமாக நின்று பிறகு ஓரளவு இறங்குவது இயல்பு. 28 வாட் என்று சொல்லப்பட்ட லேப்டாப் 12 வாட்டுக்கு இறங்கி அங்கேயே கிடந்தால், கூலிங் போதவில்லை, அல்லது பவர் மோட் தவறாக இருக்கிறது. பவர் மோடை `Best performance` ஆக்கி, லேப்டாப்பின் அடிப்பகுதிக் காற்றுத் துளைகள் மூடாமல் தட்டையான மேசையில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் எண் ஏறவில்லை என்றால் அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.